அச்சுப்பிழையா சார்?

"சார் வணக்கம். ஞாயித்துக்கிழமை லைவ் கிளாஸ் வர முடியலை. ஷிப்ட் மாத்திப் போட்டுட்டாங்க. பிபிடி மட்டும் பார்த்தேன். 12ஆவது ஸ்லைடுல நாலு நம்பர் இருக்கு, ஆனா மூணால வகுத்திருக்கு. புஸ்தகத்துல மொத்த எண்ணிக்கையாலதான் வகுக்கச் சொல்லியிருக்கு. அச்சுப்பிழையா சார்? அதே ஸ்லைடுல கடைசி நம்பர் மேல ஒரு சாம்பல் கலர் கட்டம் மறைச்சுக்கிட்டு நிக்குது. டவுன்லோடு கோளாறா? எக்செல்ல போட்டுப் பார்த்தேன். VAR.P 4.5ங்குது, VAR.S 6ங்குது. எதை எடுத்துக்கறது?"

தொலைநிலைக் கல்வியில் புள்ளியியல் சொல்லித்தரும் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது. எழுதியவர் ஒரு நூற்பாலையின் குவாலிட்டி லேபில் வேலை பார்க்கும் பெண். வகுப்புக்கு வராதவர்களிடமிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்: கிளாஸ் மிஸ் ஆயிடுச்சு சார், முக்கியமா ஏதாவது நடத்துனீங்களா? இதற்கு என்ன பதில் எழுத முடியும்? ஒன்றரை மணி நேரத்தையும் திரும்ப எழுத வேண்டும், அல்லது "பிபிடியைப் பாருங்கள்" என்று ஒரு வரியில் முடிக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. அவர் பிபிடியைப் பார்த்துவிட்டார். பார்த்ததால் வந்த கேள்வி இது.

"அச்சுப்பிழையா?" என்று வகுப்பில் இருந்த யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. அந்த ஸ்லைடு வந்ததும் நான் பேச்சை நிறுத்தினேன், "நாலு எண் இருக்கிறது, ஏன் மூன்றால் வகுக்கிறோம்?" என்று நானே கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அந்த மௌனத்திலேயே இது வேண்டுமென்று செய்ததுதான் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மாணவர்களுக்குப் போகும் பிடிஎஃப் கோப்பில் அந்த மௌனம் இல்லை. தட்டச்சில் கை தவறிய 3, காரணத்தோடு வைத்த 3 இரண்டும் அங்கே ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், ஒரே கறுப்பில்தான் இருக்கும். தனியாக உட்கார்ந்து வாசிப்பவர் நேர்மையானவராக இருந்தால் முதலில் பிழை என்றுதான் சந்தேகிக்க வேண்டும். சந்தேகிக்காமல் மூன்றால் வகுத்துக்கொண்டு போகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சாம்பல் கட்டத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. ஸ்லைடில் இருந்த எண்கள் 4, 7, 7, 10. சராசரி 7. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அடுத்த வரிசையில் வரும்: -3, 0, 0, 3. இதில் கடைசி எண்ணை ஒரு கட்டத்தால் மூடி வைத்து, மூடியிருப்பது என்ன என்று கேட்பேன். பவர்பாயிண்டில் அந்தக் கட்டம் ஒரு சொடுக்கில் விலகும். அதே ஸ்லைடைப் பிடிஎஃப் ஆக்கும்போது அசைவுகள் எல்லாம் போய்விடுகின்றன. வரவேண்டியது, மறையவேண்டியது என்ற வேறுபாடு இல்லாமல் அந்தப் பக்கத்தின் எல்லாப் பொருள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அச்சாகும். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். அரை நிமிடத்தில் விலக வேண்டிய திரை கோப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. டவுன்லோடில் கோளாறு ஏதுமில்லை. ஸ்லைடின் பக்கத்தில் காலத்துக்கு இடமில்லை, அவ்வளவுதான். கணக்கு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் லேடெக் பீமரில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஒவ்வொரு நிறுத்தமும் தனிப் பக்கமாக விழும், முன்பின் தெரியும். ஆனால் காகிதத்தை மிச்சம் பிடிக்கக் கையேடு வடிவில் எடுத்தால் அங்கும் நிறுத்தங்கள் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ரெக்கார்டிங் ஏன் இல்லை என்று கேட்கலாம். எங்கள் வகுப்பில் மாணவர்கள் தங்கள் அலுவலகக் கணக்குகளைக் காட்டிப் பேசுகிறார்கள். பதிவாகிறது என்று தெரிந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். பேச்சு வேண்டுமென்றால் பதிவு கூடாது என்று ஆகிவிட்டது.

பழைய அஞ்சல்வழிக் கல்வியில் இந்தச் சிக்கல் கிடையாது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்ததும் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்பித்தார்; மாணவர் எழுதி அனுப்புவதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியபோதும் பாடம் அச்சுக் கட்டாகத்தான் போயிற்று. வாசிப்பவர் எதிரே இல்லை என்பது தெரிந்தே எழுதப்பட்ட பாடங்கள் அவை. "இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்" என்று எழுதுகிறவரே முந்திக்கொண்டு சொல்வார். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: சில பக்கங்களுக்கு ஒருமுறை, படித்ததைச் சோதித்துக்கொள்ளச் சொல்லி ஒரு கட்டமும், கீழே எழுதிப் பார்க்கக் கோடுகளும், அலகின் கடைசியில் விடையும் இருக்கும். பாட நூலே மாணவரோடு உரையாட வேண்டும் என்பதை ஸ்வீடன் நாட்டுக் கல்வியாளர் பொரியே ஹோல்ம்பெர்க் ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். ஸ்லைடு இதற்கு நேர் எதிர். பக்கத்தில் ஒருவர் நின்று பேசப்போகிறார் என்ற நம்பிக்கையில் செய்யப்படுவது அது. பேசுகிறவருக்கான குறிப்புச் சீட்டு. வராதவருக்காக எழுதும் பழக்கத்தில் பிறந்த தொலைநிலைக் கல்வி, வந்தவர்களுக்காகச் செய்த சீட்டை வராதவர் கையில் கொடுத்து அனுப்புகிற இடத்துக்கு வந்திருக்கிறது. இது முன்னேற்றமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பேச்சிலிருந்து பிரிந்த ஸ்லைடு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு என்னுடைய 12ஆவது ஸ்லைடைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2003 ஜனவரி 16இல் கொலம்பியா விண்கலம் கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, கையிலிருந்த சோதனை முடிவுகளைக் கொண்டு பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்ற பொருளில் தைரியம் சொன்னது. அதே ஸ்லைடின் அடியில், உள்ளே தள்ளிய சிறு வரியில் வேறொன்று இருந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டின் கன அளவு 3 கன அங்குலம், விண்கலத்தில் மோதியதாகக் கருதியது 1920 கன அங்குலம். 640 மடங்கு. அப்படியானால் அந்தச் சோதனைகளை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. நேரில் விளக்குகிறவர் நினைத்தால் அந்த வரியில் குரலை உயர்த்தியிருக்கலாம். ஸ்லைடில் அது கடைசிப் படியில் நின்ற சிறு வரி. பிப்ரவரி 1இல் விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆண்டே வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தில் ஸ்லைடுகள் வந்து உட்கார்ந்ததையும், தகவல் மேலே மேலே போகப் போக விளக்கங்கள் வடிந்துவிடுவதையும் தனியாக எடுத்துப் பேசியது. அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டியவர் எட்வர்ட் டஃப்டி. விபத்துக்கு ஸ்லைடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காரணங்கள் பல. எது தலையாயது, எது போகிறபோக்கில் சொன்னது என்பதைத் தன்னளவில் காட்டும் திறன் ஸ்லைடுக்கு இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதினேன்? முதலில், அச்சுப்பிழை இல்லை என்று. பிறகு, கட்டத்துக்கு அடியில் என்ன எண் இருக்கும், மற்ற மூன்றை வைத்துச் சொல்லுங்கள் என்று. ஐந்து நிமிடத்தில் "3" என்று பதில் வந்தது. சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும்; ஆகவே மூன்று தெரிந்தால் நான்காவது தானாகத் தெரிந்துவிடும். நான்கு விலக்கங்கள் இருப்பதாகத் தோன்றினாலும் சுதந்திரமாக இருப்பவை மூன்றே. பாட நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இது பாதி விளக்கமாகத்தான் படும். மூன்றுதான் சுதந்திரமானவை என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஏன் மூன்றால் வகுக்க வேண்டும்?

மீதிப் பாதி இது. நம் கையில் இருக்கும் நான்கு எண்கள் ஒரு பெரிய குவியலிலிருந்து எடுத்த சாம்பிள். குவியலின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. 7 என்பது இந்த நான்கின் சராசரி. இந்த நான்குக்கும் வாகாக நடுவில் உட்கார்ந்திருப்பது. உண்மைச் சராசரி 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து விலக்கங்கள் -4, -1, -1, 2. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 22. ஏழிலிருந்து எடுத்த விலக்கங்களுக்கு அதே கூட்டல் 18தான். எட்டுக்குப் பதில் 6 என்று வைத்தாலும் 22தான் வரும். ஏழைத் தவிர எந்த எண்ணை வைத்தாலும் 18ஐவிடக் கூடத்தான் வரும். அதாவது சாம்பிளின் சராசரியை வைத்து அளந்தால் பரவல் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிறிய எண்ணால் வகுக்கிறோம்.

ஒன்றைக் குறைப்பது சரியாக எப்படி ஈடாகும்? அரையைக் குறைத்தால் ஆகாதா? வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தபோது நான் ஸ்லைடை மூடிவிட்டு மூன்று துண்டுக் காகிதத்தில் 2, 4, 6 என்று எழுதி ஒரு சொம்பில் போட்டேன். பிபிடியில் இதன் தடயமே இல்லை. மூன்றே சீட்டு, இதுதான் முழுக் குவியல். சராசரி 4, விலக்கங்கள் -2, 0, 2, வர்க்கங்களின் கூட்டல் 8, மூன்றால் வகுத்தால் 2.67. குவியல் முழுவதும் கையில் இருப்பதால் இங்கே மொத்த எண்ணிக்கையால் வகுப்பது சரி. அவருடைய புத்தகம் சொல்வதும் எக்செல்லின் VAR.P செய்வதும் இதுதான். இப்போது கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டு, இன்னொன்று எடுங்கள். இரண்டு எண் கொண்ட சாம்பிள். இப்படி எடுக்க மொத்தம் ஒன்பது வழிகள். இரண்டும் ஒரே எண்ணாக வருவது மூன்று முறை. அப்போது விலக்கமே இல்லை. அடுத்தடுத்த எண்கள் வருவது நான்கு முறை; ஒவ்வொன்றிலும் வர்க்கக் கூட்டல் 2. இரண்டும் ஆறும் சேர்ந்து வருவது இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் 8. எல்லாம் சேர்த்து 24, ஒன்பதால் வகுத்தால் சராசரியாக 2.67.

குவியலின் விடை அப்படியே வந்துவிட்டது. சாம்பிளில் இரண்டு எண்கள், நாம் ஒன்றால் வகுத்திருக்கிறோம், அதாவது வகுக்கவே இல்லை. இரண்டால் வகுத்திருந்தால் 1.33, உண்மையில் பாதி. தனியாக ஒரு சாம்பிளைப் பார்த்தால் விடை 0 என்றோ 8 என்றோ எங்கேயோ போய் நிற்கும். ஒன்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் n - 1 செய்யும் வேலை தெரிகிறது. இந்தத் திருத்தத்தைப் பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளரின் பெயரால் அழைக்கிறார்கள்.

இதையே அவருக்கும் எழுதி, செய்து பார்க்கச் சொன்னேன். கூடவே ஓர் எச்சரிக்கை: கடைசியில் 2.67க்குப் பதில் 4 என்று வந்தால் முதல் சீட்டைத் திரும்பப் போடாமல் இரண்டாவதை எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வகுப்பில் ஒருவருக்கு அப்படித்தான் 4 வந்தது. எங்கே பிசகியது என்று எல்லோரும் சேர்ந்து தேடியதில் பத்து நிமிடம் போயிற்று; அன்றைய வகுப்பின் நல்ல பகுதி அந்தப் பத்து நிமிடம்தான். அதற்கு ஸ்லைடு கிடையாது. தவறான விடைகளை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

"எதை எடுத்துக்கறது?" என்ற கடைசிக் கேள்விக்கு அவருடைய வேலையிலிருந்தே பதில் இருந்தது. ஆலையில் நூலின் கவுண்ட் பார்க்க 120 கெஜ நூலை ராப் ரீலில் சுற்றி எடுப்பார்கள். அதற்கு லீ என்று பெயர். லீயின் எடை கிராமில் எவ்வளவோ, அதனால் 64.8ஐ வகுத்தால் கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். அவர் அன்று எடுத்த நான்கு லீக்களின் கவுண்டை அனுப்பினார்: 39, 40, 40, 41. திட்ட விலக்கத்தைச் சராசரியின் சதவீதமாகச் சொல்வதை ஆலையில் சிவி என்பார்கள். நான்கால் வகுத்தால் சிவி 1.77, மூன்றால் வகுத்தால் 2.04. ஆலையின் வரம்பு 2 என்று வைத்துக்கொண்டால், ஒரு கணக்கில் நூல் தேறுகிறது, இன்னொன்றில் தேறவில்லை. ஆயிரக்கணக்கான மீட்டர் ஓடும் நூலிலிருந்து நான்கு துண்டு எடுத்துப் பார்க்கிறார், அது சாம்பிள்தான். ஆகவே VAR.S. நூறு லீ எடுத்திருந்தால் இரண்டு சிவிக்கும் ஏறக்குறைய அரை சதவீதம்தான் வித்தியாசம் இருக்கும். யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நான்கு எடுக்கும்போதுதான் வகுக்கும் எண் தலையெழுத்தை மாற்றுகிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் இரவு இன்னொரு செய்தி வந்தது. ஒன்பது சாம்பிளுக்கும் அவர் எக்செல்லில் கணக்குப் போட்டிருக்கிறார். அதோடு நிற்காமல், ஆலையில் பேசுவதெல்லாம் திட்ட விலக்கத்தில்தானே என்று ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் எடுத்துச் சராசரி பார்த்திருக்கிறார். வந்தது 1.26. குவியலின் திட்ட விலக்கமோ 2.67இன் வர்க்கமூலம், 1.63. "n - 1 போட்டும் குறையுதே சார். இப்பவாவது அச்சுப்பிழையா?"

பிழை இல்லை. n - 1 சரிசெய்வது வர்க்கங்களின் சராசரியைத்தான். வர்க்கமூலம் எடுத்ததும் விடை மறுபடி கீழே சாய்கிறது, ஏனென்றால் வர்க்கமூலம் பெரிய எண்களைச் சிறிய எண்களைவிட அதிகமாக நசுக்குகிறது. இதற்குத் தனியாக ஒரு திருத்தம் உண்டு. தரக்கட்டுப்பாட்டில் அதை c₄ என்று எழுதுவார்கள். இயல்நிலைப் பரவல் என்று கொண்டால் நான்கு எண் சாம்பிளுக்கு அது 0.9213. நம் மூன்று சீட்டுக்கு அந்த அனுமானம் பொருந்தாது, நூல் கவுண்டுக்கு ஏறக்குறையப் பொருந்தும். 2.04ஐ 0.9213ஆல் வகுத்தால் 2.2க்கு மேல் போகிறது.

இந்தக் கேள்வி அன்றைய வகுப்பில் வரவில்லை. வந்திருந்த யாருக்கும் தோன்றவுமில்லை. c₄ பற்றி எழுதி அனுப்பியதும் அவர் ஒரு படம் அனுப்பினார். லேபில் கன்ட்ரோல் சார்ட்டுக்காகச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை. அதில் c₄ என்று ஒரு பத்தி இருக்கிறது, நான்குக்கு நேரே 0.9213. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஃபோர்மேனிடம் கேட்டதற்கு அது நமக்குத் தேவைப்படாது என்று சொல்லியிருந்தாராம்.